செல் சுழற்சி: பி.எஸ்சி. உயிரியலுக்கு ஒரே பக்கத்தில்

ஒரு சுற்று ≈ 24 மணி (வளர்ப்பில் உள்ள மனித செல்)

ஜி1 ▓▓▓▓▓▓▓▓▓▓▓ 11
எஸ் ▓▓▓▓▓▓▓▓ 8
ஜி2 ▓▓▓▓ 4
எம் ▓ 1

↳ ஜி0: ஜி1-இலிருந்து விலகி ஓய்வு. நியூரான் திரும்பாது, கல்லீரல் செல் தேவைப்பட்டால் திரும்பும்.

■ மதிப்பெண் போகும் இடம்

| கட்டம் | குரோமோசோம் | டிஎன்ஏ |
|---|---|---|
| ஜி1 | 46 | 2C |
| ஜி2 | 46 | 4C |
| அனாஃபேஸ் | 92 | 4C |
| சேய் செல் | 46 | 2C |

எஸ் கட்டத்தில் டிஎன்ஏ இரட்டிக்கும், குரோமோசோம் எண்ணிக்கை மாறாது. சென்ட்ரோமியரை எண்ணுங்கள், குரோமாட்டிடை அல்ல. குழப்பமே வராது.

■ எம் கட்டம்
புரோஃபேஸ்: சுருளும் → மெட்டாஃபேஸ்: நடுவில் வரிசை → அனாஃபேஸ்: பிரியும் → டீலோஃபேஸ்: இரு உட்கரு. அப்புறம் சைட்டோகைனசிஸ்: விலங்கில் பள்ளம், தாவரத்தில் செல் தட்டு.

■ சோதனைச் சாவடிகள்

① ஜி1 → எஸ்
சைக்ளின் டி + சிடிகே4/6 → ஆர்பி மீது பாஸ்பேட் → இ2எஃப் விடுதலை → எஸ்
டிஎன்ஏ சேதமா? பி53 → பி21 → சிடிகே முடங்கும். புற்றுநோய்களில் பி53 பழுதாவது மிகச் சகஜம், கேள்வி வரும்.

② ஜி2 → எம்
சைக்ளின் பி + சிடிகே1

③ மெட்டாஃபேஸ் → அனாஃபேஸ்
ஒரே ஒரு கைனெட்டோகோர் கதிரிழையில் மாட்டாவிட்டாலும் நிறுத்தம். எல்லாம் மாட்டியதும்:
ஏபிசி/சி → செக்யூரின் சிதையும் → செப்பரேஸ் → கோஹீசின் வெட்டப்படும்

■ ஆய்வகத்தில்
வெங்காய வேர்நுனியில் கால்ச்சிசின்: நுண்குழல் உருவாகாது, செல்கள் மெட்டாஃபேஸில் தேங்கும். குரோமோசோம் எண்ண வசதி.

■ நோபல் 2001: ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ்