அம்முவுக்கு, அரிசி டப்பா மேல வெச்ச கடுதாசி

அம்மு, பொறந்தநாள் வாழ்த்து.

இந்த மாசமும் ஓவர்டைம் இல்ல. சீட்டு கட்டினதும் கையில 340 ரூபாதான். ஆரணிப் பட்டு எடுத்துத் தரேன்னு போன வருசம் சொன்னது அப்படியே நிக்குது. அந்தக் கடன் என் கணக்குலயே இருக்கட்டும், தள்ளுபடி கேக்க மாட்டேன்.

பக்கத்துல பேப்பர்ல சுத்தி வெச்சிருக்கறத பிரி. பர்சு. கடையில வாங்கினது இல்ல. ராணிப்பேட்டையில எங்க கம்பெனி கழிச்சுப் போட்ட தோல் துண்டு, சூப்பர்வைசர்கிட்ட கேட்டுத்தான் எடுத்தேன். ஒரே நெறமா கெடைக்கல, அதான் மூணு கலர். மிஷின்ல குடுத்தா அஞ்சு நிமிச வேலை. நான் நூலுக்கு மெழுகுவர்த்தி தேச்சு, ரெண்டு ஊசி கோத்து, ஒவ்வொரு ஓட்டையிலயும் எதிரெதிரா விட்டு இழுத்து, நீ தூங்கினப்புறம் நாலு ராத்திரி மாடியில உக்காந்து தைச்சேன். கொசுவுக்கு நல்ல விருந்து.

ஒரு மூலையில தையல் கோணலா போவும் பாரு. அங்கதான் நீ எழுந்து வந்து "இன்னா பண்ணிக்கினு இருக்கற?"ன்னு கேட்ட. பதறிப்போயி ஊசி விரல்ல ஏறிடுச்சு. பிரிச்சுத் தைக்க மனசு வரல.

உள்ள காசு இல்ல. மடிச்சு ஒரு காகிதம் இருக்கும். கோட்டை அகழியோரம் மொதமொதல்ல நாம உக்காந்தப்ப வாங்கின வேர்க்கடலைப் பொட்டலம் அது. இத்தன நாளா என் டூல்ஸ் பெட்டியில இருந்துச்சு, இனி உன்கிட்ட இருக்கட்டும்.

ராத்திரி சமையல் என்னுது. முள்ளு கத்திரிக்கா கால் கிலோ வாங்கி வெச்சிருக்கேன். உப்பு மட்டும் நீ பாத்துச் சொல்லு.

உன் மாமா