கட்டில் ஆர்டர் ரத்து: முன்பணம் குறித்து

கும்பகோணம்
18.11.2025

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். 10ஆம் தேதி எங்களிடமிருந்து வந்த கடிதத்தில் "முன்பணம் பறிமுதல் செய்யப்படும்" என்று இருந்தது. எங்கள் கடையில் ஏற்கெனவே பெட்டி, பீரோ வாங்கிய உங்களுக்கு அப்படி எழுதியது தப்பு. அதை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

மகனுக்குப் பெங்களூருக்கு மாற்றலாகிவிட்டது, அங்கே கிடைத்த வீட்டில் பெரிய கட்டில் போட இடமில்லை என்று 5ஆம் தேதி போனில் சொன்னீர்கள். நியாயமான காரணம்தான்.

கட்டில் 85,000, ஊஞ்சல் 40,000 என்று பேசி, ஐந்தில் இரண்டு பங்காக 50,000 ரூபாய் முன்பணம் தந்தீர்கள். அதில் ஊஞ்சலுக்குரிய 16,000 ரூபாயை முழுவதும் திருப்பித் தருகிறோம். அந்தப் பலகையில் இன்னும் இழைப்புளி படவில்லை. 25ஆம் தேதிக்குள் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும்.

கட்டில் விஷயம் வேறு. ஆர்டர் படிவத்தின் 5ஆவது விதியில், மரம் அறுத்த பிறகு ரத்து செய்தால் அந்தச் சாமானுக்கான முன்பணம் திரும்பாது என்று இருக்கிறது. அக்டோபர் 6 அன்று அதை வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினோம். 24ஆம் தேதி மரம் அறுத்தோம். மகன் உயரம் என்பதால் நீங்கள் கேட்ட 7 அடி 2 அங்குலத்துக்கு நெடுஞ்சட்டம் வெட்டியாயிற்று. ஆசாரி போட்ட பென்சில் குறி இன்னும் அதில் இருக்கிறது. நான்கு கால்களும் கடைசல் முடிந்து வந்துவிட்டன.

விதி இருக்கிறது என்பதற்காக மட்டும் பணத்தை வைத்துக்கொள்வது சரியில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74-ம் ஒப்பந்தத்தில் குறித்த தொகைக்கு மேற்படாமல், நியாயமான ஈடு மட்டுமே கேட்கலாம் என்கிறது. அதனால் கணக்கைச் சொல்கிறேன்: 7 கன அடி தேக்கு 24,500, கடைசல் 4,200, ஆசாரி கூலி 5,800, ஆக 34,500 ரூபாய். கட்டிலுக்கு நீங்கள் கொடுத்தது 34,000. மீதி 500 ரூபாயை நாங்கள் கேட்கவில்லை. பில்களைக் கடையில் எப்போது வந்தாலும் பார்க்கலாம்.

அறுத்த மரத்தை விற்காமல் தை மாதக் கடைசி வரை வைத்திருக்கிறோம். மழைக்காலமாக இருப்பதால் ஈரம் ஏறாமல் மேல்தட்டில் அடுக்கியிருக்கிறோம். அதற்குள் அதே மரத்தில் சின்னக் கட்டிலோ திவானோ கேட்டீர்கள் என்றால், 34,000 ரூபாயும் அந்த விலையில் கழியும். வேறு யாராவது அந்த அளவையே கேட்டு வந்தால் முதலில் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுப்போம். அந்த மரத்துக்கும் வேலைக்கும் கிடைக்கும் தொகை, 34,000 வரை உங்களுக்கே. தை முடிந்து வேறு வேலைக்கு எடுத்தாலும், பயன்பட்ட மரத்தின் விலையைக் கணக்குப் பார்த்துத் தந்துவிடுவோம்.

இதில் ஏதாவது ஒத்துவரவில்லை என்றால் தயங்காமல் கூப்பிடுங்கள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை பத்து மணிக்கு மேல் கடையில்தான் இருப்பேன். மகனிடமும் கலந்து பேசிச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்