பதில்: எம்எஸ் படிக்க லண்டன் போகலாமா?

அன்புள்ள அருண்,

லண்டனில் டேட்டா சயின்ஸ் முதுகலைக்கு இடம் கிடைத்த செய்தியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். உனக்குப் படிப்பும் வரும், தனியாக இருந்து சமாளிக்கவும் வரும். நீ வெளியே போய்ப் படிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லியிருக்கிறாய். வீட்டை அடமானம் வைத்து இந்தக் கோர்ஸுக்குப் போக வேண்டாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

நீ அனுப்பிய கணக்கில் ஃபீஸ், டிக்கெட், வாடகை மட்டும்தான் இருக்கின்றன. விசாவோடு மருத்துவக் கட்டணமாக வருடத்துக்கு 776 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். அறைக்கு அட்வான்ஸ் தனி. மீதியை பார்ட் டைம் வேலையில் பார்த்துக்கொள்வேன் என்கிறாய். படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய அனுமதி கிடையாது. அந்த வேலையும் போன உடனே கிடைத்துவிடாது.

கடன் விஷயத்தை நிதானமாகப் பார். படிப்பு முடியும்வரை தவணை கட்ட வேண்டாம் என்று பேங்கில் சொல்லியிருப்பார்கள். பணம் கைமாறிய நாளிலிருந்தே வட்டி ஏறுமா என்று கேட்டாயா? பெரும்பாலும் ஏறும். முதல் தவணை கட்டும்போது நீ வாங்கியதைவிடப் பெரிய தொகை நிற்கும். படித்த பிறகு அங்கே வேலை தேடத் தரும் இரண்டு வருட விசாவும், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. உனக்கு அதுதான் பொருந்தும். அதற்குள் ஸ்பான்சர் செய்யும் கம்பெனி அமையாவிட்டால் திரும்பி வர வேண்டியதுதான். அதனால் ஊர் சம்பளத்தில் தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் போடு. சம்பளத்தில் பாதிக்கு மேல் போகும் என்றால் அந்தக் கடன் உனக்குத் தாங்காது.

மகன் நீ கேட்டால் சித்தப்பா முடியாது என்று சொல்ல மாட்டார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். அவர் ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருடம்தானே இருக்கிறது? எனக்கு அதுதான் உறுத்துகிறது.

ஜெர்மனியை ஏன் விட்டுவிட்டாய்? அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் ஃபீஸ் கிடையாது, செமஸ்டர் கட்டணம் மட்டும்தான். (பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு.) விசாவுக்கு 11,904 யூரோ கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். ஆனால் அது உன் பணம். மாதம் 992 யூரோவாக உன் செலவுக்கே வரும். படிப்பு இரண்டு வருடம், ஜெர்மன் மொழியும் கற்க வேண்டியிருக்கும், உண்மைதான். ஒரு வருடம் வேலை பார்த்துக்கொண்டே அதைக் கற்றுக்கொள், கொஞ்சம் சேமிக்கவும் செய். ஒரு வருடம் தள்ளிப்போவதால் நீ ஒன்றும் பின்தங்கிவிட மாட்டாய்.

லண்டன் இடத்தை இப்போதே விட்டுவிடாதே. அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட முடியுமா, உதவித்தொகை ஏதாவது உண்டா என்று எழுதிக் கேள். பாதி ஃபீஸ் குறைந்தால்கூட நான் சொன்னதை மாற்றிக்கொள்வேன். பேங்க் கொடுத்த தாளை ஃபோட்டோ எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன், இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். அதுவரை சித்தப்பாவை எதிலும் கையெழுத்துப் போட வைக்காதே.

அன்புடன்,
மீனா அக்கா