வெள்ளை டீசல் கார்: விளக்கு எரிந்த விவரம், ஒர்க்‌ஷாப் அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, வண்டியை விடும்போது வாயால் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால் ஜூன் நடுவிலிருந்து டேஷ்போர்டில் எந்த விளக்கு எப்போது வந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். நான் கண்ணால் பார்த்ததைத் தனியாகவும், மச்சான் ஓட்டியபோது பார்த்துச் சொன்னதை அவர் பேரில் தனியாகவும் எழுதியிருக்கிறேன்.

வண்டி விவரம்: 2013 மாடல் டீசல். பவர் ஸ்டீயரிங் ஆயில் ஊற்றுகிற பழைய மாதிரி. கடைசி ஆயில் சர்வீஸ் 1,29,400-இல். முன் பிரேக் பேட் மாற்றியது 98,000 சுமாரில். பேட்டரி போன வருஷம் புதுசு. பெல்ட் என் கைக்கு வந்த பிறகு மாற்றியதில்லை. வழக்கமான ஓட்டம் செங்கோட்டை – புனலூர், போகும்போது டிக்கியிலும் பின் சீட்டிலும் லுங்கி, சேலை பண்டல், வரும்போது காலி வண்டி.

ஜூன் 12, காலை 6 மணி தாண்டி. 1,36,204 கி.மீ.
வீட்டு வாசல். ராத்திரி முழுக்கச் சாரல், வண்டி வெளியில் நனைந்து நின்றது. ஸ்டார்ட் ஆனதும் பானெட்டுக்குள் ‘கிரீச்’ என்று சத்தம். பேட்டரி விளக்கு (சிவப்பு) அணையாமல் நின்றது. பத்து எண்ணுவதற்குள் சத்தமும் விளக்கும் சேர்ந்தே போய்விட்டன. அப்புறம் தென்காசி போய் வரும்வரை ஒன்றுமில்லை.

ஜூன் 17, காலை 7.20. 1,36,318 கி.மீ.
இதைக் கவனமாகப் படிங்க. புளியரை தாண்டி ஏற்றம், எஸ் வளைவு. நல்ல மழை. ஏசி, வைப்பர், ஹெட்லைட் மூன்றும் ஓடுகின்றன. முழு லோடு, இரண்டாவது கியர், முன்னால் ஒரு லாரி ஊர்ந்ததால் நானும் ஊர்ந்தேன். வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்த நேரத்தில் கிரீச் சத்தம், பேட்டரி விளக்கு மினுக் மினுக், ஸ்டீயரிங் கல் மாதிரி இறுகிவிட்டது. மூன்றும் ஒரே நொடியில். நேரானதும் ஸ்டீயரிங் லேசானது, ஆனால் விளக்கு விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. கோட்டைவாசலை எட்டும்போது டெம்பரேச்சர் முள் எப்போதும் நிற்கிற நடுக்கோட்டைத் தாண்டி முக்கால் வரை ஏறியிருந்தது. சிவப்பைத் தொடவில்லை. ஏசியை அணைத்ததும் பேட்டரி விளக்கு போனது. ஓரம் கட்டி ஐட்லிங்கில் விட்டேன், முள் மெதுவாக இறங்கியது. ஆரியங்காவு இறக்கத்தில் முள் நடுவிலேயே நின்றது. ரேடியேட்டர் மூடியைத் திறக்கவில்லை. மறுநாள் காலை கூலண்ட் டப்பாவைப் பார்த்தேன், இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தது. கீழே சொட்டிய ஈரமும் இல்லை.

ஜூன் 19 – மச்சான் சொன்னது
இருட்டிய பிறகு புனலூரிலிருந்து திரும்பும்போது, இடமண் பக்கம், “பேட்டரி போட்ட சிவப்பு லைட்டு ரெண்டு தரம் வந்து வந்து போச்சு, ஹெட்லைட்டும் மங்குச்சு” என்றார். மழை இருந்ததா என்று கேட்டதற்கு “ரோடு ஈரமா இருந்துச்சு” என்றார். ஏசி போட்டிருந்தாராம். சத்தம் கேட்டதா என்றால், பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். அதனால் சத்தம் இருந்தது என்றும் எழுத முடியவில்லை, இல்லை என்றும் எழுத முடியவில்லை.

ஜூன் 21, பகல் 11. 1,36,522 கி.மீ.
விளக்கு எதுவும் வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அதே புளியரை ஏற்றம், அதே எஸ் வளைவு, வெயில், ரோடு காய்ந்திருந்தது, வண்டி காலி, ஏசி இல்லை. ஸ்டீயரிங் லேசு, முள் நடுவில். சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகுகிற வோல்ட் மீட்டர் வாங்கிப் போட்டிருந்தேன், ஏற்றம் முழுக்க 14.1 காட்டியது.

ஜூன் 26, மாலை 4.30. 1,36,740 கி.மீ.
இது வேறு விளக்கு. தென்மலை தாண்டி ரோட்டில் தண்ணீர் நின்ற ஒரு குழியில் முன் இடது சக்கரம் நன்றாக இறங்கி ஏறியது. கொஞ்ச தூரத்தில் ஏபிஎஸ் விளக்கு (மஞ்சள்), அணையாமல் நின்றது. பிரேக் வழக்கம்போலப் பிடித்தது. ஈர ரோட்டில் சடன் பிரேக் அடித்துச் சோதிக்கவில்லை. டீக்கடையில் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்ததும் விளக்கு இல்லை. ஜூலை 1-ஆம் தேதி ஒரு ஸ்பீட் பிரேக்கரில் மறுபடி வந்தது, அப்போது மழை இல்லை. இரண்டு தடவையும் அடி வாங்கியது முன் இடது பக்கம்தான்.

ஜூலை 1, காலை 8. 1,36,905 கி.மீ.
மழை, லோடு, ஏசி. கோட்டைவாசலுக்குக் கொஞ்சம் முன்னால் பேட்டரி விளக்கு. வோல்ட் மீட்டர் 14-இலிருந்து 12.2-க்கு இறங்கியது, ஏசியை அணைத்ததும் 13.9. இந்தத் தடவை கூடவே இன்ஜின் விளக்கும் (மஞ்சள்) வந்தது, மினுக்கவில்லை, நின்றெரிந்தது. இழுவையில் குறை தெரியவில்லை, புகையும் இல்லை. புனலூரில் துணிக்கடைக்காரர் ஒருவர் தன் புளூடூத் கருவியைச் செருகிப் பார்த்தார். வந்த கோடு இது ஒன்றுதான்:

```
P0562
```

வோல்டேஜ் குறைவு என்று அதில் போட்டிருந்தது. கோடை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அப்படியே இருக்கிறது. அவருடைய கருவி ஏபிஎஸ் கோடைப் படிக்காது, அதை உங்க பெரிய ஸ்கேனரில்தான் பார்க்கணும். மே மாசம் வேறொரு இடத்தில் ஸ்கேன் போட்டு, என்ன வந்தது என்று எழுதாமலே அழித்துவிட்டு “ஒன்றுமில்லை” என்று அனுப்பிவிட்டார்கள். நீங்க படித்ததும் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் அழிங்க.

ஜூலை 4, மாலை 5. 1,37,060 கி.மீ.
பிரேக் விளக்கு, சிவப்பு, வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்டது. ஆரியங்காவிலிருந்து கழுதுருட்டி இறக்கம், பதிமூன்று கண் பாலம் வருவதற்கு முன். ஹேண்ட்பிரேக் முழுக்க இறங்கித்தான் இருந்தது, கையால் அமுக்கியும் பார்த்தேன். வளைவில் திரும்பும்போது வருகிறது, நேர் ரோட்டில் போகிறது. பெடல் பழைய உயரத்தில்தான் பிடித்தது, பஞ்சு மாதிரி அமுங்கவில்லை. சமதளத்தில் நிறுத்திப் பார்த்தால் பிரேக் ஆயில் சரியாக மினிமம் கோட்டில். சக்கரங்களின் உள்பக்கத்தில் எண்ணெய்க் கசிவு கண்ணில் படவில்லை. பேட் தேய்ந்து ஆயில் இறங்கியதா, எங்கேயாவது கசிகிறதா என்று நீங்க பார்க்கணும் என்பதற்காக டாப்-அப் செய்யவில்லை. முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாகப் பொறுமையாக ஊர் வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு வண்டியை மலைக்கு எடுக்கவில்லை, புனலூர் சரக்கு மச்சான் வேனில் போகிறது.

இது வரைக்கும் வராதவை: ஆயில் விளக்கு ஓடும்போது ஒருமுறையும் வரவில்லை. சாவி போட்டதும் எரிகிறது, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறது, அதனால் பல்பு போகவில்லை. ஏர்பேக் விளக்கும் அப்படியே.

முதலில் பிரேக்கைப் பாருங்க, அது முடியாமல் எனக்கு வண்டி வேண்டாம். அடுத்தது பெல்ட், அதன் டென்ஷனர், அந்தப் பெல்ட் ஓட்டுகிற எல்லாமும். ஆல்டர்னேட்டர் போயிருக்கு, மாற்றணும் என்று தோன்றினால் கழற்றுவதற்கு முன் ஒரு போன் போடுங்க. காய்ந்த ரோட்டில் 14.1 கொடுக்கிற ஆல்டர்னேட்டரை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. ஏபிஎஸ் கடைசியில் போதும், முன் இடது சக்கரத்தின் சென்சார் வயரை மட்டும் அசைத்துப் பாருங்க.

மழையும் லோடும் இல்லாதபோது, வண்டி சூடானால் கிரீச் சத்தம் வராது. காலையில் நான் ஓட்டிக்கொண்டு வந்தால் உங்களுக்குக் கேட்காது. அதனால் வெள்ளிக்கிழமை ராத்திரியே உங்க ஷெட்டுக்கு வெளியில், கூரை இல்லாத பக்கம் நிறுத்திவிட்டுச் சாவியைப் பையனிடம் கொடுத்துப் போகிறேன். காலையில் முதல் ஸ்டார்ட்டை நீங்களே போடுங்க. போடும்போது பானெட் திறந்திருக்கட்டும், ஏசி பட்டனை நான் ஆன் செய்தே வைத்திருப்பேன்.