பகுதி நேரத் தொலைநிலைப் படிப்பு விண்ணப்பம்: பணி அனுபவம், படிப்பு நேரம் குறித்த விளக்கக் கடிதம்

நாள்: 10 ஜூன் 2025

பெறுநர்: சேர்க்கைக் குழு, தொலைநிலைக் கல்விப் பிரிவு

பொருள்: ஆற்றல் மேலாண்மை இளநிலைத் தொழிற்கல்விப் பட்டம் (பகுதி நேரம்), ஜூலை 2025 சேர்க்கை

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

மேற்கண்ட படிப்புக்கு இணையவழியில் விண்ணப்பித்திருக்கிறேன். படிவத்தில் பணி அனுபவத்துக்கு நான்கு வரியும், "படிப்புக்கு வாரம் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும்" என்ற கேள்விக்கு ஒரு கட்டமும்தான் இருந்தன. என் சான்றிதழ்களைப் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சில இடங்களில் பொருந்தாது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்று எழுதிவிட்டு வாரம் பத்தரை மணி நேரம் படிப்பேன் என்று சொல்வதும் நம்ப முடியாததாகத் தோன்றலாம். அந்த இரண்டையும் விளக்கவே இந்தக் கடிதம்.

முதலில் வேலை. குளிர்சாதனப் பிரிவில் இரண்டு வருடத் தொழிற்பயிற்சி முடித்து, ஆகஸ்ட் 2011 முதல் மே 2014 வரை ஒரு சர்வீஸ் பட்டறையில் இருந்தேன். ஏசி கழற்றி மாட்டுவது, கேஸ் நிரப்புவது, கம்ப்ரசர் மாற்றுவது என்று எல்லாமே அங்கேதான் கைக்கு வந்தது. சம்பளம் ரொக்கம். சம்பளச் சீட்டோ பணிச் சான்றிதழோ கிடையாது. பட்டறையும் இப்போது இல்லை. எனவே அந்த இரண்டு வருடம் பத்து மாதத்தை நான் கணக்கில் கேட்கவில்லை. தொழிலை எங்கே கற்றேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டுமே சொல்கிறேன்.

செப்டம்பர் 2014இல் வெளிநாட்டு வேலைக்கு வந்தேன். ஆகஸ்ட் 2018 வரை நான்கு வருடம் ஒரு மேன்பவர் கம்பெனியின் ஆளாக, ஒரு பெரிய வணிக வளாகத்தின் ஏசி பராமரிப்பில் இருந்தேன். இங்கேதான் முதல் பொருத்தமின்மை வருகிறது. என் விசாவிலும் பணிச் சான்றிதழிலும் "பொதுத் தொழிலாளி" என்றே இருக்கும். கம்பெனியிடம் அந்த நேரத்தில் எந்தப் பிரிவில் விசா இருந்ததோ அதில் ஆள் எடுத்தார்கள். இங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டால் இது சாதாரண விஷயம் என்பார்கள். ஆனால் தொலைவில் உட்கார்ந்து காகிதத்தைப் பார்ப்பவருக்கு நான் நான்கு வருடம் மூட்டை தூக்கியதாகத் தோன்றும். அதில் கேவலம் ஒன்றும் இல்லை, ஆனால் நான் செய்த வேலை வேறு. முதல் வருடம் ஃபில்டர் கழுவுவதும் டக்ட் சுத்தம் செய்வதும். அதன்பிறகு ஃபேன் காயில் யூனிட்டுகளின் மோட்டார், வால்வு, தெர்மோஸ்டாட் பழுதுகள் என் பொறுப்பில் இருந்தன. இதற்கு ஆதாரமாக வளாகத்தின் பராமரிப்பு மேலாளர் கொடுத்த கடிதத்தையும், என் பெயரும் செய்த வேலையும் பதிவான சில வேலை அட்டைகளின் நகல்களையும் இணைத்திருக்கிறேன். பதவிப் பெயரை விட்டுவிட்டு அந்த அட்டைகளைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நவம்பர் 2018 முதல் இப்போதைய நிறுவனத்தில் சில்லர் பிளாண்ட் டெக்னீஷியனாக இருக்கிறேன். பல கட்டடங்களுக்கு ஒரே இடத்திலிருந்து குளிர்ந்த நீர் அனுப்பும் ஆலை இது. சான்றிதழில் வேலை இடைவெளியே இல்லாமல் தொடர்வதாக இருக்கும். அது முழு உண்மை அல்ல. மார்ச் 2020இல் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது விமானங்கள் நின்றுவிட்டன. நான் மீண்டும் வேலையில் சேர்ந்தது அந்த டிசம்பரில்தான். ஒப்பந்தம் ரத்தாகவில்லை, ஆனால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை சம்பளமும் இல்லை, வேலையும் இல்லை. சம்பளச் சீட்டுகளில் அந்த எட்டு மாதம் இருக்காது. அதைக் கழித்துத்தான் படிவத்தில் ஐந்து வருடம் பதினொரு மாதம் என்று எழுதினேன். முந்தைய நான்கு வருடத்தோடு சேர்த்தால் மே 2025 முடிய ஒன்பது வருடம் பதினொரு மாதம். சான்றிதழ்களின் தேதியை மட்டும் வைத்துக் கூட்டுபவருக்கு பத்து வருடம் ஏழு மாதம் வரும். வித்தியாசம் இதனால்தான்.

இந்தப் படிப்பு எனக்கு எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆலையில் மணிக்கு ஒரு முறை லாக் ஷீட் எழுதுகிறோம்: போகும் நீரின் வெப்பநிலை, திரும்பும் நீரின் வெப்பநிலை, ஆயில் பிரஷர், மோட்டார் ஆம்பியர். கண்டென்சரில் ரெஃப்ரிஜெரன்ட் திரவமாகும் வெப்பநிலைக்கும் அதிலிருந்து வெளியேறும் நீரின் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியை அப்ரோச் என்போம். ட்யூப்கள் சுத்தமாக இருக்கும்போது அது ஒன்றிரண்டு டிகிரிக்குள் நிற்கும். உள்ளே படிவு ஏற ஏற இடைவெளி கூடும், பிரஷர் ஏறும், கம்ப்ரசர் அதே குளிருக்கு அதிக மின்சாரம் இழுக்கும். ஒரு கோடையில் ஒரு சில்லரின் அப்ரோச் நான்கு டிகிரியைத் தொட்டது. ட்யூப் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொன்னேன். "நிறுத்தினால் லோடு யார் எடுப்பது? சுத்தம் செய்வதால் எத்தனை யூனிட் மிச்சம்?" என்று பொறியாளர் கேட்டார். நியாயமான கேள்வி. மெஷினுக்கு என்ன கோளாறு என்று எனக்குத் தெரியும். அதை யூனிட்டாகவும் பணமாகவும் மாற்றிச் சொல்லத் தெரியவில்லை. அவர் அரை மணி நேரத்தில் கணக்குப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பி அனுமதி வாங்கினார்.

அதேபோல, பம்பின் வேகத்தைக் குறைத்தால் ஆம்பியர் சட்டென்று இறங்குவதை வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். மின்திறன் வேகத்தின் மும்மடியைத் தொடர்ந்து மாறுகிறது என்பதும், அதனால் 80 சதவீத வேகத்தில் ஏறக்குறைய பாதித் திறனே போதும் என்பதும் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டவை. உங்கள் பாடத்திட்டத்தில் வெப்ப இயக்கவியலும் ஆற்றல் தணிக்கையும் இருப்பதுதான் என்னை இந்தப் படிப்பின் பக்கம் இழுத்தது. ஷிப்ட் இன்சார்ஜ் பதவிக்கு மேலே போகப் பட்டம் வேண்டும் என்பதும் ஒரு காரணம், மறைக்கவில்லை. ஆனால் பட்டம் வாங்கினால் பதவி தருகிறோம் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அந்த நம்பிக்கையில் மட்டும் சேருபவன் பாதியில் நின்றுவிடுவான் என்றே நினைக்கிறேன்.

சரி, நேரத்துக்கு வருகிறேன். உங்கள் விவரக் குறிப்பில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்று இருக்கிறது. வழக்கமாக அரையாண்டுக்கு 12 கிரெடிட், அதாவது 360 மணி நேரம். 24 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 15 மணி நேரம் வரும். என்னால் அது முடியாது. எனவே அரையாண்டுக்கு 8 கிரெடிட் மட்டும் எடுக்க அனுமதி கேட்கிறேன். 240 மணி நேரம், வாரம் பத்து. 96 கிரெடிட் முடிக்க ஆறு வருடம் ஆகும்; நீங்கள் அனுமதிக்கும் எட்டு வருட உச்ச வரம்புக்குள்தான் இருக்கிறது.

அந்தப் பத்து எங்கிருந்து வரும்? என் ஷிப்ட் ஆறு முதல் ஆறு. இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு, வாரம் ஒரு நாள் விடுப்பு. கம்பெனி பஸ்ஸில் போக வர ஒரு மணி நேரம். பகல் ஷிப்டில் சமையல், துணி, வீட்டுக்கு போன் எல்லாம் முடிந்தால் உடம்பில் தெம்பு அதிகம் மிஞ்சாது. வாரத்தில் நான்கு நாள் ஒரு மணி நேரம், விடுப்பு நாளில் ஐந்து மணி நேரம் என்று ஒன்பதுதான் எழுதியிருக்கிறேன். இரவு ஷிப்ட்தான் எனக்குச் சாதகம். காலையில் வந்து படுத்தால் மதியம் இரண்டு மணிக்கு எழுவேன். ரூமில் மற்ற மூவரும் பகல் வேலைக்குப் போயிருப்பார்கள், சத்தமே இருக்காது. இரண்டரை முதல் நாலரை வரை ஐந்து நாள், விடுப்பு நாளில் நான்கு மணி நேரம்: பதினான்கு. நான்கு வாரச் சுற்றுக்கு 46 வருகிறது. பகலிலிருந்து இரவுக்கும் இரவிலிருந்து பகலுக்கும் மாறும் நாட்களில் தூக்கம் குழம்பும் என்பதால் நான்கைக் கழித்து 42 என்று வைத்திருக்கிறேன். வாரச் சராசரி பத்தரை.

வேலை நேரத்தில் ஒரு நிமிடம்கூட இதில் சேர்க்கவில்லை. கண்ட்ரோல் ரூமில் இரவு இரண்டு மணிக்கு வேலை குறைவாக இருக்கும், படிக்கலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அங்கே போனுக்கு அனுமதி இல்லை. இருந்தாலும் ஓடுகிற மெஷினுக்கு முன்னால் புத்தகம் விரிக்க எனக்கு மனம் வராது.

இந்தக் கணக்கு வெறும் காகிதக் கணக்கு அல்ல. ஜனவரி இறுதியிலிருந்து இதே அட்டவணையில் பள்ளிக் கணிதத்தை மறுபடி படித்து வருகிறேன்: இயற்கணிதம், மடக்கை, வரைபடம். லாக் ஷீட் எழுதும் பழக்கத்தில் தினமும் நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். அந்த நோட்டின் பக்கங்களும் இணைப்பில் உண்டு. இரவு வாரங்களில் திட்டமிட்டது ஏறக்குறைய நடந்திருக்கிறது. பகல் வாரங்களில் சில நாட்கள் பூஜ்யம் என்றே இருக்கும்.

இடிக்கும் காலம் ஒன்று உண்டு. கோடையில் ஆலை முழு லோடில் ஓடினாலும் ஷிப்ட் நேரத்தோடு வேலை முடிந்துவிடும். குளிர்காலத்தில்தான் சில்லர்களை ஒவ்வொன்றாக நிறுத்தித் திறந்து வேலை பார்ப்போம். ஜனவரியில் மூன்று வாரம் ஓவர்டைம் கட்டாயம். அந்த மூன்று வாரமும் படிப்பு நடக்காது என்றே வைத்துக்கொண்டேன். ஜனவரி அரையாண்டில் இதனால் இருபது மணி நேரம் போலக் குறையும். என் வருடாந்திர விடுப்பு முப்பது நாள். அதை மே மாத மத்தியிலிருந்து எடுத்தால் குறைந்ததை ஈடுகட்டி, ஜூன் தேர்வையும் நேரில் எழுதிவிடலாம். டிசம்பர் தேர்வை மட்டும் இணையவழிக் கண்காணிப்பில் எழுத வேண்டியிருக்கும். அந்த நாட்களில் ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆட்சேபம் இல்லை என்று ஷிப்ட் இன்சார்ஜ் கடிதம் கொடுத்திருக்கிறார்.

நேரலை வகுப்பு உங்கள் நேரம் மாலை ஏழு மணிக்கு. இங்கே அப்போது நாலரை. இரவு ஷிப்ட் வாரங்களில் முழு வகுப்பும் கேட்டுவிட்டு ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கலாம். பகல் ஷிப்ட் வாரங்களில் முடியாது. பதிவான வகுப்பைப் பார்த்து, ஏழு நாளுக்குள் அதன் பயிற்சியை அனுப்பினால் வருகையாக ஏற்பீர்களா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இதற்கு இல்லை என்று பதில் வந்தால், பாதி வகுப்புகளுக்கு வர முடியாதவனாக நான் சேருவது சரியாக இருக்காது. அப்போது என் விண்ணப்பத்தை நேரலை வகுப்பு கட்டாயமில்லாத சான்றிதழ்ப் படிப்புக்கு மாற்றித் தரக் கேட்டுக்கொள்கிறேன்.

கட்டணத்தை அரையாண்டுக்கு ஒருமுறை என் சம்பளக் கணக்கிலிருந்து கட்டுவேன்.

இணைத்திருப்பவை: தொழிற்பயிற்சிச் சான்றிதழ், இரண்டு பணிச் சான்றிதழ்கள், பராமரிப்பு மேலாளரின் கடிதம், வேலை அட்டைகளின் நகல், நவம்பர் 2018 முதலான சம்பளச் சீட்டுகள், ஷிப்ட் அட்டவணை, ஷிப்ட் இன்சார்ஜின் கடிதம், படிப்பு நேர நோட்டின் பக்கங்கள்.

தொலைபேசியில் பேச வேண்டியிருந்தால், ஜூன் 16 முதல் 28 வரை எனக்கு இரவு ஷிப்ட். அந்த நாட்களில் உங்கள் நேரம் மாலை ஐந்து முதல் ஏழரை வரை எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்
சில்லர் பிளாண்ட் டெக்னீஷியன்