தடயவியல் மருத்துவ வைவா: நம்ம கடற்கரைக்கு ஏற்ற கேள்விகள்

நாளைய வைவாவுக்குப் படிக்கிறவர்களுக்கு. புத்தகத்து மணிக்கணக்கை ஒப்பித்தால் போதாது, இந்த வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் அது எப்படி மாறும் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

1. மே மாதம், காலை 9 மணி. மண்டபம் கரையில் ஒரு மீனவரின் உடல் மல்லாந்து கிடக்கிறது. உடம்பு முழுக்க விறைத்திருக்கிறது, முதுகில் படிந்த ஊதா நிறம் அழுத்தினாலும் மறையவில்லை, வலது அடிவயிற்றில் பச்சை இன்னும் வரவில்லை. இறந்து எவ்வளவு நேரம்?

ஊதா நிறம் நிலைக்கச் சுமார் 6 மணி நேரமாவது ஆகும். கோடையில் அடிவயிற்றுப் பச்சை 12 முதல் 18 மணி நேரத்தில் தெரியும். அதனால் ஏறக்குறைய 6 முதல் 12 மணி நேரம், அதாவது முந்தின இரவு. வெயில் உடல் சூட்டை நெருங்கும் ஊரில் உடல் குளிர்வதை வைத்து நேரம் சொல்லாதீர்கள். விறைப்பும் சூட்டில் சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். ஒற்றை மணியைச் சொன்னால் நான் மதிப்பெண் தர மாட்டேன், கோர்ட்டிலும் அது நிற்காது.

2. அதே உடலில் ஊதா நிறம் மார்பில் மட்டும் இருந்தால்? குப்புறக் கிடந்து நிறம் நிலைத்த பிறகு யாரோ புரட்டியிருக்கிறார்கள்.

3. தொண்டிப் பக்கம் வலையில் சிக்கிய உடல். உள்ளங்கை வெளுத்துச் சுருங்கியிருக்கிறது. மூழ்கித்தான் இறந்தாரா?

சுருக்கம் அதைச் சொல்லாது, செத்த பிறகு போட்ட உடலிலும் வரும். மூக்கில் மெல்லிய நுரை, உப்பிய கனமான நுரையீரல், இறுகிய கைக்குள் பாசி, இவற்றைத் தேடுங்கள். அழுகினால் நுரை போய்விடும், கரைக்கு வந்த உடலோ வேகமாக அழுகும், அதனால் காத்திருக்க வேண்டாம்.

4. இமையும் உதடும் இல்லை. கொலையா? நண்டும் மீனும் முதலில் தொடுவது அங்கேதான். அரித்த ஓரம் இருக்கும், ரத்தக்கசிவு இருக்காது. ஆனால் உயிரோடு பட்ட காயத்தின் ரத்தத்தையும் கடல் கழுவிவிடும், ஆகவே சந்தேகம் வந்தால் திசுவை நுண்ணோக்கிக்கு அனுப்புங்கள்.

5. தலையில் நேர்கோடாக ஒரு காயம். அரிவாளா, துடுப்பா?

இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். எலும்பை ஒட்டிய தோல் மழுங்கிய அடியிலும் வெட்டியது போலப் பிளக்கும். லென்ஸில் பாருங்கள்: குறுக்கே திசு இழைகள், நசுங்கிய முடிவேர், ஓரத்தில் சிராய்ப்பு இருந்தால் கிழிகாயம். முடி சீராக அறுபட்டு எலும்பிலும் வெட்டு இறங்கியிருந்தால் அரிவாள் போன்ற கனமான ஆயுதம்.

6. வெட்டுக்கும் குத்துக்கும் வித்தியாசம்? வெட்டில் நீளம் அதிகம், குத்தில் ஆழம் அதிகம். தோல் இழுபடும் என்பதால் குத்தின் நீளமே கத்தியின் அகலம் என்று எழுதாதீர்கள்.

7. ஏலக்கூடத் தகராறில் ஒரு பல் உடைந்தது. சாதாரண காயமா? இல்லை, பாரதிய நியாய சன்ஹிதா 116-இன்படி கொடுங்காயம்.