மூன்று முறை ஒட்டுப் போட்டும் அதே பள்ளம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரயில்வே கேட்டிலிருந்து சந்தைப்பேட்டை வரை செல்லும் காந்தி சாலை சுமார் 900 மீட்டர் நீளம். பாதாளச் சாக்கடைக் குழாய் பதிப்பதற்காகச் சென்ற மாசி மாதம் இதன் இடது பக்கத்தை முழுக்கத் தோண்டினார்கள். குழி மூடப்பட்டு ஒன்பது மாதம் ஆகப்போகிறது. சித்திரையிலிருந்து நான்கு மனுக்கள் கொடுத்துவிட்டோம். நான்குக்கும் 'மதிப்பீடு தயாராகிறது' என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. நடுவில் மூன்று தடவை பேட்ச் ஒர்க் நடந்தது. ஒன்றுகூட இரண்டு மழைக்கு நிற்கவில்லை.

காரணம் மேலே போட்ட தாரில் இல்லை, அடியில் இருக்கிறது. ரேஷன் கடை எதிரே உள்ள பள்ளத்தை அளந்து பார்த்தோம்: நீளம் 1.4 மீட்டர், அகலம் 80 செ.மீ., ஆழம் 17 செ.மீ. அதன் வலது ஓரத்தில் பழைய சாலையின் தாரும் அதன் கீழே இறுகிய ஜல்லியும் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. இடது ஓரத்தில் இரண்டு விரல்கடை தார், அதற்குக் கீழே வெறும் தோண்டிய மண். கம்பியை ஊன்றினால் ஒரு முழம் தடையில்லாமல் இறங்குகிறது.

குழாய்க் குழியை மூடும்போது மண்ணை 15 முதல் 20 செ.மீ. கனத்துக்கு ஒவ்வோர் அடுக்காகப் போட்டு, அளவாக நீர் தெளித்து, இயந்திரத்தால் இடித்து இறுக்க வேண்டும். அதன்மேல் ஜல்லி அடுக்கு, பிறகுதான் தார். இங்கே பொக்லைன் ஒரே மூச்சில் தள்ளி மூடியது. அப்படித் தளர்வாகக் கிடக்கும் மண் மழையிலும் லாரி பாரத்திலும் அமுங்கத்தான் செய்யும். மேலே உள்ள தார் வளைந்து வெடிக்கும், வெடிப்பில் நீர் புகும், ஜல்லியைப் பிடித்திருக்கும் தார் கழன்றுவிடும். பள்ளம் என்று நாம் பார்ப்பது இதன் கடைசிக் கட்டத்தைத்தான்.

ஒட்டுப் போட்ட விதத்தையும் சொல்லியாக வேண்டும். பள்ளத்தில் நின்ற தண்ணீரை இறைக்கக்கூட இல்லை. டிராக்டரில் வந்த கலவையைக் கொட்டி, மண்வெட்டியின் முதுகால் தட்டிவிட்டுப் போனார்கள். முறைப்படி செய்வதானால் கெட்டியான பகுதி வரும்வரை விளிம்பைச் செங்குத்தாக, சதுரமாக வெட்ட வேண்டும். தூசியும் ஈரமும் இல்லாமல் சுத்தம் செய்து, அடியிலும் பக்கச் சுவர்களிலும் தார்ப்பால் பூச வேண்டும். ஆழமான பள்ளத்தை ஒரே தடவையில் நிரப்பக் கூடாது. சூடான கலவையை 90 டிகிரிக்கு இறங்குமுன் உருளை ஓட்டி இறுக்கிவிட வேண்டும். ஆறிப்போன கலவையை எவ்வளவு தட்டினாலும் சேராது.

மழைக்காலத்தில் சூட்டுத்தார் போடுவது பணத்தைத் தண்ணீரில் கரைப்பதுதான். ஆகவே இப்போதைக்குப் பள்ளங்களில் ஈரக்கலவை ஜல்லியை நிரப்பி அதிர்வு உருளையால் இறுக்கினால் போதும். சாலை மட்டத்துக்கு 6 செ.மீ. கீழே கிடக்கும் ஐந்து ஆள்நுழைவுத் தொட்டி மூடிகளைச் சுற்றி ஒளிர்பட்டை ஒட்டிய தடுப்புகள் இன்றே வேண்டும். தண்ணீர் தேங்கிவிட்டால் இருசக்கர வாகனத்தில் வருபவருக்கு அந்த மூடிகள் தெரிவதே இல்லை. தை பிறந்ததும் குழி நெடுகிலும் மண்ணை எடுத்து, இறுக்கி நிரப்பி, மூடிகளை உயர்த்திய பிறகு தார் போடட்டும். மீதமுள்ள பழைய தளத்தையும் சுரண்டி எடுத்துவிட்டே புது அடுக்கு போட வேண்டும். சாலையின் உயரம் கூடாமல் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று 2021-இலேயே தமிழக அரசு அறிவுறுத்தியிருக்கிறது. இல்லாவிட்டால் அடுத்த மழைக்குத் தண்ணீர் வீடுகளுக்குள் வரும்.

நகராட்சி நிர்வாகத்திடம் மூன்று விவரங்கள் கேட்கிறோம். குழியை மூடியதற்கான அளவுப் புத்தகத்தில் எத்தனை அடுக்கு இறுக்கியதாகப் பதிவாகியிருக்கிறது? வேலையில் குறை தெரிந்தால் ஒப்பந்ததாரரே தன் செலவில் சரிசெய்ய வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எந்தத் தேதி வரை? அந்தக் காலம் முடியவில்லை என்றால், மக்கள் பணத்தில் ஏன் மூன்று தடவை ஒட்டுப் போடப்பட்டது? 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஆவணங்களைப் பார்ப்பதோடு, பணியை நேரில் ஆய்வு செய்யவும் பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. அதன்படி மனு எழுதி வைத்திருக்கிறோம். இந்த மாத இறுதிக்குள் வேலை தொடங்கும் தேதியைச் சாலையில் பலகையாக வைத்தால் அதை அனுப்பத் தேவை இருக்காது.

பேருந்துகளும் பள்ளி வேன்களும் 108 ஆம்புலன்ஸும் தினமும் போகும் சாலை இது. பொறியாளர் ஒருவர் நேரில் வந்தால், அளவு எடுத்த பள்ளங்கள் அனைத்தையும் உடன் நடந்து காட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
காந்தி சாலை குடியிருப்போர் சார்பில்,
ஓய்வுபெற்ற சாலைப்பணி மேற்பார்வையாளர்கள் இருவர்